டிஜிட்டல் ரூபாய், கிரிப்டோ, வங்கி இருப்பு: கேள்வி பதில்

வங்கியின் கருவூலப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

சேலம், கல்லூரி மாணவர்: யுபிஐயில் பணம் அனுப்பினாலும் திரையில் எண்தான் தெரிகிறது. டிஜிட்டல் ரூபாயிலும் எண்தான். பிறகு எதற்கு இரண்டு?

திரையில் தெரியும் எண்ணை விட்டுவிட்டு, அந்தத் தொகையை உங்களுக்குத் தர வேண்டியவர் யார் என்று பாருங்கள் தம்பி. உங்கள் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய் இருந்தால், அது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். நீங்கள் போட்ட பணத்தை வங்கி தனியாக எடுத்து வைத்திருப்பதில்லை. அதைப் பிறருக்குக் கடனாகக் கொடுத்திருக்கும், அரசுப் பத்திரம் வாங்கியிருக்கும். டிஜிட்டல் ரூபாயில் உங்களிடம் 5,000 இருந்தால், அதைத் தர வேண்டியது ரிசர்வ் வங்கி. உங்கள் சட்டைப் பையில் உள்ள நோட்டுக்கும் அதுவே பொறுப்பு. 2022இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, மின்னணு வடிவில் உள்ளதும் நோட்டாகவே கருதப்படும் என்று சேர்க்கப்பட்டது.

மளிகைக் கடையில் 1,850 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். யுபிஐயில் கட்டினால் உங்கள் வங்கி உங்கள் கணக்கில் கழிக்கிறது, கடைக்காரரின் வங்கி அவர் கணக்கில் கூட்டுகிறது. அந்த இரண்டு வங்கிகளும் தமக்குள் கொடுக்கல் வாங்கலை ரிசர்வ் வங்கியில் உள்ள தங்கள் கணக்குகள் வழியாகப் பிற்பாடு, பல பரிவர்த்தனைகளைச் சேர்த்து, நேர் செய்துகொள்கின்றன. டிஜிட்டல் ரூபாய் உங்கள் கைபேசியில் உள்ள பணப்பைச் செயலியிலிருந்து கடைக்காரரின் பணப்பைக்குப் போனால் அந்த நேர் செய்யும் வேலையே இல்லை. நோட்டைக் கையில் கொடுத்தது போல அங்கேயே முடிந்துவிடுகிறது. பொதுமக்களுக்கான சில்லறைப் பரிசோதனை 2022 டிசம்பர் 1 அன்று தொடங்கியபோது, நாம் புழங்கும் நோட்டு, நாணய மதிப்புகளிலேயே அதை வெளியிட்டதற்கும் இந்த எண்ணம்தான் காரணம்.

திருப்பூர், பலசரக்குக் கடை உரிமையாளர்: ஐயா, என் கடையில் யுபிஐ கியூஆர் அட்டைதான் இருக்கிறது. ஒருவர் டிஜிட்டல் ரூபாயில் கட்டினார். பணம் என் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. நீங்கள் சொன்னதற்கும் இதற்கும் பொருந்தவில்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். மேலே நான் சொன்னது இருவரிடமும் டிஜிட்டல் ரூபாய் பணப்பை இருக்கும் நிலை. உங்களிடம் பணப்பை இல்லாததால், அவர் கொடுத்த ரிசர்வ் வங்கிப் பணம் வழியில் வங்கி வைப்பாக மாறி உங்கள் கணக்கில் சேர்ந்தது. அவருக்கு அது நோட்டு போலப் போனது. உங்களுக்கு வழக்கமான யுபிஐ வரவு போல வந்தது. பழைய கியூஆர் அட்டையையே பயன்படுத்த முடிந்ததால் பலரும் இதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் கடைக்காரர் பக்கத்தில் டிஜிட்டல் ரூபாய் தங்காமல் போவதற்கும் அந்த வசதியே காரணமாகிறது.

கரூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: 2020 நவம்பரில் என் ஓய்வூதியப் பணம் லட்சுமி விலாஸ் வங்கியில் மாட்டிக்கொண்டது. டிஜிட்டல் ரூபாயில் வைத்திருந்தால் அந்தத் தவிப்பு இருந்திருக்காதா?

அம்மா, அந்த நாட்களை நானும் மறக்கவில்லை. நவம்பர் 17 அன்று தடை வந்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. 27ஆம் தேதி அந்த வங்கி டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பட்டு, தடை நீங்கியது. வைப்பு வைத்திருந்தவர்களுக்கு முழுப் பணமும் கிடைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இணைப்பு நடந்திராவிட்டால், உங்களுக்கு உறுதியாக இருந்தது வைப்புக் காப்பீடு மட்டும்: ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை.

டிஜிட்டல் ரூபாய் வங்கியின் கடன் அல்ல என்பதால் வங்கி நொடித்தாலும் அந்த உரிமை அழிவதில்லை. காப்பீடும் அதற்குத் தேவையில்லை. ஆனால் பணப்பைச் செயலியை நடத்துவது வங்கிதானே? அந்த வங்கியே முடக்கப்பட்டால், உங்கள் பணம் சட்டப்படி பத்திரமாக இருந்தும் அன்று மாலை மருந்துக் கடையில் கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. அப்படியொரு சோதனை இதுவரை நடக்கவில்லை. வேறு வங்கியின் செயலிக்கு உடனே மாற்றித் தரும் ஏற்பாடு எழுத்தில் உறுதியாக இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

ஒன்று விட்டுப்போகக் கூடாது. டிஜிட்டல் ரூபாய்க்கு வட்டி கிடையாது. ஐம்பதாயிரத்தைச் சேமிப்புக் கணக்கில் ஓராண்டு வைத்தால், 2.5 சதவீத வட்டியில் 1,250 ரூபாய் வரும். பணப்பையில் வைத்தால் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாகவே இருக்கும்.

சென்னை, தனியார் வங்கி அலுவலர்: வட்டி இல்லை என்பது தற்செயலானது அல்ல, வைப்பு வெளியேறக் கூடாது என்பதற்காகத்தான். பீதி வந்தால் வட்டியை யார் பார்ப்பார்கள்? இரவோடிரவாக எல்லாரும் மாற்றிவிட்டால்?

உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு வங்கியின் 10,000 வாடிக்கையாளர்கள் ஆளுக்கு 20,000 ரூபாயை டிஜிட்டல் ரூபாயாக மாற்றினால் மொத்தம் 20 கோடி. வங்கியின் ஏட்டில் வைப்பு 20 கோடி குறைகிறது. அதே அளவு, ரிசர்வ் வங்கியில் அந்த வங்கி வைத்திருக்கும் இருப்பும் குறைகிறது. ரிசர்வ் வங்கியின் ஏட்டில் மொத்தப் பொறுப்பு மாறுவதில்லை. வங்கிக்குத் தர வேண்டியது மக்களுக்குத் தர வேண்டியதாகப் பெயர் மாறுகிறது. ஆனால் அந்த வங்கிக்கு 20 கோடி மலிவான நிதி போய்விட்டது. கொடுத்த கடன்களை உடனே திரும்ப வாங்க முடியாது என்பதால், வெளியில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கி ஈடுகட்ட வேண்டும்.

நோட்டாக எடுத்தாலும் ஏட்டில் இதே விளைவுதான். வேகம்தான் வேறு. நோட்டுக்கு ஏடிஎம் வரிசை உண்டு, இயந்திரத்தில் பணம் தீரும், இரவில் கிளை மூடியிருக்கும். அந்தத் தடைகள் செயலியில் இல்லை. ஆகவே ஒருவர் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பு அவசியமாகிறது. ஐரோப்பிய மத்திய வங்கியின் டிஜிட்டல் யூரோ விவாதத்தில் ஒருவருக்கு 3,000 யூரோ என்ற அளவு பேசப்பட்டதும் இந்தக் கவலையால்தான். இந்தியாவில் இன்று அந்த ஆபத்து தொலைவில் இருக்கிறது: 2025 மார்ச் முடிவில் புழக்கத்தில் இருந்த டிஜிட்டல் ரூபாய் ஏறத்தாழ 1,016 கோடி, நோட்டுகளோ 36 லட்சம் கோடிக்கு மேல்.

மதுரை, கைபேசிப் பழுது நீக்குபவர்: டிஜிட்டல் ரூபாய் என்பது அரசாங்கத்தின் பிட்காயின், பிளாக்செயினில் ஓடுகிறது. என் மைத்துனர் ஒரு டெலிகிராம் குழுவில் “டிஜிட்டல் ரூபாய் காயின்” வாங்கியிருக்கிறார், விலை மூன்று மடங்கு ஆகும் என்கிறார்கள். நானும் வாங்கலாமா?

வாங்காதீர்கள். உங்கள் மைத்துனரிடம் இன்றைக்கே பேசுங்கள். டிஜிட்டல் ரூபாய்க்கு விலை ஏறவும் இறங்கவும் வழியில்லை. ஒரு ரூபாய் என்றும் ஒரு ரூபாய். அது பங்கேற்கும் வங்கிகள், நிறுவனங்களின் செயலி வழியாக மட்டுமே கிடைக்கும். “விலை ஏறும்” என்று யாராவது சொன்னால் அந்தச் சொல்லே மோசடிக்குச் சான்று. அவர் பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் தரச் சொல்லுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு உண்டு.

பிளாக்செயின் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே கணக்கேட்டைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் அந்த வகைத் தொழில்நுட்பம் இரண்டிலும் இடம்பெறலாம். ஆனால் பிட்காயினை வெளியிட்டவர் என்று கேட்டுப் போக ஓர் அலுவலகம் இல்லை. மொத்தம் 2.1 கோடிக்கு மேல் உருவாகாது என்பது அதன் நிரலில் உள்ள விதி. அதன் விலைக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. திறவுச் சொற்களைத் தொலைத்தால் மீட்டுத் தர எவரும் இல்லை. இதை விரும்பி ஏற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தெரியாமல் ஏற்பவர்களைப் பற்றித்தான் கவலை.

துபாய், கட்டுமான மேற்பார்வையாளர்: நான் டாலருக்கு இணையான ஸ்டேபிள்காயினில் சேமிக்கிறேன். ஒன்று ஒரு டாலர், ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை. இது மத்திய வங்கிப் பணம் போலத்தானே?

தோற்றம் மட்டும் அப்படி. 2023 மார்ச்சில் யுஎஸ்டிசி என்ற நாணயத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் தன் கையிருப்பில் 330 கோடி டாலரைச் சிலிக்கான் வேலி வங்கியில் வைத்திருந்தது. அந்த வங்கி விழுந்தது. வார இறுதியில் யுஎஸ்டிசி 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. அமெரிக்க அரசு அந்த வங்கியின் வைப்புகள் முழுவதற்கும் பொறுப்பேற்றதும் மீண்டும் ஒரு டாலரை எட்டியது. ஒரு தனியார் நிறுவனத்தின் வாக்குறுதி இன்னொரு தனியார் வங்கியின் இருப்பின் மேல் நின்றதால்தான் அப்படி ஆடியது. நீங்கள் வைத்திருப்பதை வெளியிடுபவரின் கையிருப்பு எதில் இருக்கிறது, நீங்களே நேராக அவரிடம் கொடுத்து டாலர் வாங்க முடியுமா, இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான சிறு சேமிப்பாளர்களால் சந்தையில் விற்க மட்டுமே முடியும்.

கோயம்புத்தூர், கணக்காளர்: டிஜிட்டல் ரூபாய்க்கும் 30 சதவீத வரி உண்டா?

இல்லை. அந்த வரி கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்துகளின் லாபத்துக்கு. இந்திய நாணயம் அந்த வரையறைக்குள் வராது. கிரிப்டோவில் ஒரு நாணயத்தில் 40,000 லாபமும் இன்னொன்றில் 30,000 நட்டமும் வந்தால், நட்டத்தைக் கழிக்க முடியாது. 40,000க்கு 12,000 வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 12,480. கையில் வந்த நிகர லாபம் 10,000 மட்டுமே என்றாலும் அதுதான் கணக்கு.

திருநெல்வேலி, வழக்கறிஞர்: நோட்டில் செலவு செய்தால் யாருக்கும் தெரியாது. இதில் எல்லாம் தெரியும். நாளைக்கு “இதற்கு மட்டும்தான் செலவிடலாம்” என்றும் விதிக்கலாம் அல்லவா?

பணப்பையில் ஏற்றுவதும் இறக்குவதும்தான் உங்கள் வங்கி அறிக்கையில் வரும். நடுவில் டீக்கடையில் கொடுத்தது வராது. அந்த அளவுக்கு யுபிஐயைவிட மறைவு அதிகம். ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரில் வெளியிட்ட கருத்துக் குறிப்பில், சிறு தொகைகளுக்குப் பெயர் தெரியாமை, பெருந்தொகைகளுக்குத் தடமறிதல் என்ற அணுகுமுறை பேசப்பட்டது. நோட்டுக்கு இணையான மறைவு இது என்று நான் சொல்ல மாட்டேன்.

நோக்கம் குறித்த பணம் என்பது கற்பனை இல்லை. குறிப்பிட்ட செலவுக்கு மட்டும் பயன்படும்படி நிரலிட்ட டிஜிட்டல் ரூபாயை, விவசாயக் கடன் போன்றவற்றில் சோதித்திருக்கிறார்கள். உரத்துக்கென்று கொடுத்த கடன் உரக் கடையில் மட்டும் செல்லும். கடன் கொடுப்பவருக்கு இது நல்லது. ஆனால் ஓர் ஊரில் ஒரே உரக் கடை இருந்து, கடைக்காரர் விலையை ஏற்றினால் விவசாயி என்ன செய்வார்? எந்த ரூபாயும் எந்த ரூபாய்க்கும் சமம் என்பதுதான் பணத்தின் உயிர். அரசு மானியத்தில் நிபந்தனை வைப்பதும், ஒருவர் உழைத்துச் சம்பாதித்த ரூபாயில் நிபந்தனை வைப்பதும் ஒன்றல்ல. இந்த எல்லையைச் சட்டமே சொல்ல வேண்டும், செயலியின் அமைப்பு சொல்லக் கூடாது.

அதே வழக்கறிஞர்: சட்டம் சொன்னால் போதுமா? திருத்தலாமே.

திருத்தலாம். அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. திருத்துவதற்கு நாடாளுமன்றத்தில் பேசியாக வேண்டும் என்ற நிலை, ஒரு சுற்றறிக்கையில் மாறுவதைவிட மேலானது என்பதே என் பக்கம்.

தஞ்சாவூர், இல்லத்தரசி: போன் தொலைந்தால் பணமும் போய்விடுமா?

போகாது. உடனே வங்கியிடம் சொல்லிப் பணப்பையை நிறுத்துங்கள்; அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, புதிய போனில் பணப்பையை மீட்கலாம். இணையம் இல்லாமல் செலவிட ஒதுக்கிய தொகை மட்டும் வேறு. அதைத் தொலைந்த நோட்டு போல நினைத்துச் சிறிதாகவே வையுங்கள்.