பரிசு வாங்கிய கதையின் பெயரா, புதுப் பெயரா?

"அரசுப் பேருந்தில் நடத்துநராக இருக்கிறேன். என்னுடைய 11 சிறுகதைகள் தொகுப்பாக வரப்போகின்றன. அதில் 'அம்மாவின் தோடு' பத்திரிகைப் போட்டியில் பரிசு வாங்கியது. அதையே நூலுக்கும் பெயராக வைக்கலாம் என்கிறார் பதிப்பாளர். நண்பர்களோ எல்லாக் கதைக்கும் பொருந்துகிற மாதிரி 'வாழ்க்கைப் பயணம்' என்று புதிதாக வைக்கச் சொல்கிறார்கள். எதை வைப்பது? கதைப் பட்டியலையும் சுருக்கங்களையும் இணைத்திருக்கிறேன்."
— வாசகர், தென்காசி மாவட்டம்

இரண்டும் வேண்டாம் என்பேன். உங்கள் பட்டியலில் ஏழாவதாக இருக்கிறதே 'நைட் ஹால்ட்', அதை வையுங்கள்.

'வாழ்க்கைப் பயணம்' என்ற பெயரை ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் தன்வரலாற்றுக்கும் வைக்கலாம், மணிவிழா மலருக்கும் வைக்கலாம். பொதுப்பெயர் தேடும்போது எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். 11 கதைகளையும் அடக்க வேண்டும் என்று பெயரை அகலப்படுத்திக்கொண்டே போவோம். கடைசியில் அது யார் புத்தகத்துக்கும் பொருந்துகிற பெயராகிவிடும். உறவுகள், நிழல்கள், மனிதர்கள் எல்லாம் இந்த ரகம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பெயரை மட்டும் ஒருவரிடம் சொல்லி, கதைகள் எங்கே நடக்கும், யாரைப் பற்றி இருக்கும் என்று கேளுங்கள். அவரால் ஊகிக்கவே முடியவில்லை என்றால் அந்தப் பெயர் வேலை செய்யவில்லை.

பொதுப்பெயரே தவறு என்று சொல்ல வரவில்லை. ஆ. மாதவனின் 'கடைத்தெருக் கதைகள்' என்ற பெயரில் அந்தத் தொகுப்பில் தனிக் கதை எதுவும் கிடையாது. ஆனால் பெயரைப் படித்ததுமே கடையும் சுமையும் கூச்சலும் கண்முன் வந்துவிடுகின்றன. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் மனிதர்கள்தான் அந்தக் கதைகள் முழுக்க. எல்லாக் கதைகளும் ஒரே இடத்தில் வேர் பிடித்திருந்தால் பொதுப்பெயர் தானாகவே அமைந்துவிடும். உங்கள் தொகுப்பு அப்படி இல்லை. ஆறு கதைகள் பேருந்திலும் டிப்போவிலும் நடக்கின்றன, ஐந்து கதைகள் வீட்டில். 'பேருந்துக் கதைகள்' என்று வைத்தால் பின் ஐந்தும் வழி தவறி வந்தவை போலத் தெரியும்.

பதிப்பாளர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பரிசுக் கதையைப் படித்தவர்களுக்குப் பெயர் ஏற்கெனவே பழக்கம். முதல் தொகுப்புக்கு அது ஒரு பலம்தான். பதிப்பாளர்களின் இந்தக் கணக்கு எங்கும் உள்ளது. அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சர் 1953இல் தம் தொகுப்புக்கு 'ஒன்பது கதைகள்' என்று வெறும் எண்ணிக்கையையே பெயராக வைத்தார். அதே நூல் இங்கிலாந்தில் அதிலுள்ள எஸ்மே கதையின் பெயரைத் தாங்கி வந்தது.

ஆனால் எந்தக் கதையின் பெயரை அட்டையில் போடுகிறோமோ, அந்தக் கதைதான் புத்தகத்தின் முகம். ஓவியர் தோடுதான் வரைவார், அல்லது முந்தானை போர்த்திய ஒரு வயதான பெண்ணை. அதைப் பார்த்துக் குடும்பக் கதை என்று வாங்குகிறவர், உள்ளே போனதும் டீசல் வாடையிலும் கலெக்ஷன் கட்டும் வரிசையிலும் நிற்பார். மதிப்புரை எழுதுகிறவர்களும் தலைப்புக் கதையைத்தான் முதலில் புரட்டுவார்கள். சிலர் அதோடு நிறுத்திவிடுவதும் உண்டு, வெளியில் சொல்ல மாட்டார்கள்.

இன்றைய பரிசு நாளைய பெயருக்கு உத்தரவாதமும் இல்லை. வ.வே.சு. ஐயரின் தொகுப்பு 'மங்கையர்க்கரசியின் காதல் முதலிய கதைகள்' என்ற பெயரில்தான் வந்தது. அந்த நூலிலிருந்து இன்று எல்லோருக்கும் நினைவிருப்பது 'குளத்தங்கரை அரசமரம்'. தலைப்புக் கதை எது என்று கேட்டால் இலக்கிய மாணவர்களே யோசிப்பார்கள். ஆகவே எது புகழ் பெறும் என்று கணித்துப் பெயர் வைக்காதீர்கள். எந்தப் பெயர் மற்ற பத்துக் கதைகளையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு ஜெயமோகனின் 'அறம்'. அது முதல் கதையின் பெயர். பலரைப் போய்ச் சேர்ந்தது என்னவோ 'யானை டாக்டர்' கதைதான். தனிச் சிறுநூலாகவே நிறையக் கைகளுக்குப் போனது. ஆனால் 'யானை டாக்டர்' என்று தொகுப்புக்குப் பெயர் வைத்திருந்தால் மற்ற கதைகள் வெளியே நின்றிருக்கும். 'அறம்' என்றதும் எல்லாமே உள்ளே வந்துவிடுகின்றன. கதைப்பெயரும் பொதுப்பெயரும் அங்கே ஒன்றாகிவிட்டன. கதைப்பெயரா புதுப்பெயரா என்று தவிக்கிறவர்கள் முதலில் இந்த மாதிரி ஒன்று தங்கள் பட்டியலிலேயே இருக்கிறதா என்று தேட வேண்டும்.

உங்களிடம் இருக்கிறது. 11 பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் மற்றக் கதைகளின் மேல் வைத்துப் பார்த்தேன். 'சில்லறை' டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு கதையோடு சரி. 'கடைசி டிரிப்' ஓய்வு பெறும் ஓட்டுநரின் கதை. பெயரே முடிவைச் சொல்லிவிடுகிறது, அட்டையில் போட்டால் அந்தக் கதை அங்கேயே தீர்ந்துவிடும். 'நைட் ஹால்ட்' கதையில் கடைசி ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேர் சீட்டில் படுக்கை விரிக்கிறார்கள். இப்போது வீட்டுக் கதைகளைப் பாருங்கள். தோடு அடகுக்குப் போவது அப்பா ஹால்ட்டில் இருக்கும் இரவில். தம்பிக்குக் காய்ச்சல் கூடுவதும் அப்படி ஒரு இரவில்தான். மற்ற மூன்றும் அவர் விடிந்து வீடு திரும்பிய பிறகு நடப்பவை. ஐந்து கதைகளிலும் அப்பா வீட்டில் இல்லாததிலோ வந்து சேர்வதிலோ அந்த ஹால்ட் இருக்கிறது. பேருந்துக் கதைகளும் வீட்டுக் கதைகளும் ஒரே இரவின் இரண்டு முனைகள் என்று இந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. தொழிலில் இருக்கிறவர்கள் புழங்கும் சொல் என்பதால் எழுதியவர் யார் என்பதும் தெரிந்துவிடும். 'இரவுத் தங்கல்' என்று யாராவது திருத்தினால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முடிவு செய்யும் முன் அதே பெயரில் வேறு நூல் இருக்கிறதா என்று இணையப் புத்தகக் கடைகளில் தேடுங்கள், ஆங்கில எழுத்தில் தட்டியும் பாருங்கள். இருந்தால் சட்டச் சிக்கல் என்று பயப்பட வேண்டியதில்லை. வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று 2015இல் ஓர் இந்திப் பட வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேடுகிறவர் கைக்கு இன்னொருவர் புத்தகம் போய்விடும், அதுதான் நட்டம். இந்தத் தேடலை ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். அங்கே ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்றானால் பதிப்பாளருக்குத்தான் அலைச்சல்.

இந்தப் பெயர் நாவல் போலவும் ஒலிக்கிறது. அதனால் அட்டையிலேயே, உள்பக்கத்தில் மட்டும் அல்ல, பெயருக்குக் கீழே 'சிறுகதைகள்' என்று போடச் சொல்லுங்கள். தலைப்புக் கதையை முதலில் வைக்க வேண்டாம். ஏழாம் இடத்திலேயே இருக்கட்டும். முதலில் 'அம்மாவின் தோடு' வரட்டும். பரிசு பெற்ற விவரத்தைப் பின்னட்டையில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் பதிப்பாளரும் ஒத்துக்கொள்வார்.