9-ஆம் வகுப்புக்கு மல்யுத்தம்: முதலில் விழ, பிறகு நிற்க, கடைசியில் இறக்கி வைக்க

கேள்வி: எங்கள் பள்ளிக்கு 6-க்கு 6 மீட்டர் மேட் வந்திருக்கிறது. 9-ஆம் வகுப்பில் 32 பிள்ளைகள், 40 நிமிட பீரியட். கபடி தெரியும், மல்யுத்தம் யாருக்கும் தெரியாது. யாருக்கும் அடிபடாமல் ஸ்டான்ஸ், பேலன்ஸ், ஒரு டேக்டவுன் வரை எப்படிக் கொண்டுபோவது?

பதில்:

ஒரே ஒரு டேக்டவுன் போதும், அதாவது எதிராளியைத் தரைக்கு இறக்குகிற ஒரே ஒரு பிடி. அதுவும் ஒரு காலை மட்டும் பிடிக்கிற சிங்கிள் லெக், தூக்காமல், மெதுவாக. டபுள் லெக் பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் போவதால் விழுபவன் பின்மண்டை தரையைத் தேடிப் போகும், பிடித்தவனும் அவன் மேலேயே விழுவான். புதிதாகப் படிப்பவர்களுக்கு அது வேண்டாம். கழுத்தைக் கையால் வளைத்துப் பிடிக்கும் ஹெட்லாக், இடுப்பில் போட்டு வீசுவது போன்றவற்றை இந்த வயதுக்குப் பாடத்திலேயே சேர்க்காதீர்கள்.

முதலில் மேட். போட்டி மேட் 4 முதல் 6 செ.மீ. தடிமன் இருக்கும். உங்களுடையது 2 செ.மீ. புதிர்க்கட்டை மாதிரி கோத்துப் போடுகிற வகை என்றால், சிமென்ட் தரை மேல் அது ஸ்டான்ஸ், அதாவது நிற்கும் நிலை, பழகத்தான் ஆகும். சந்தேகமாக இருந்தால் நீங்களே மேட்டில் மண்டியிட்டு, ஒரு முட்டியை ஒரு சாண் தூக்கிச் சட்டென்று போட்டுப் பாருங்கள். அடியில் தரை தட்டினால் விழும் பயிற்சி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பீரியடுக்கும் முன்பு இணைப்புகளைக் காலால் தடவிப் பாருங்கள். இரண்டு துண்டுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தால், அங்கேதான் ஒருவனுடைய கால் பெருவிரல் மாட்டும்.

32 பேரையும் மேட்டில் ஏற்ற முடியாது. இன்சுலேஷன் டேப்பை ஒட்டி மேட்டை 3-க்கு 3 மீட்டர் கட்டங்கள் நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ஸ்டான்ஸுக்கும் பேலன்ஸுக்கும் நான்கு ஜோடி நிற்கலாம். டேக்டவுனுக்கு இரண்டே ஜோடி, மூலைக்கு மூலை எதிராக. இதில் ஒரு சின்ன விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. குறியிலிருந்து மேட் விளிம்புக்கு 1.5 மீட்டர்தான். வெளிப்பக்கம் முதுகு காட்டி நிற்கிற பையன் சாய்ந்தால் தலை மேட்டைத் தாண்டிவிடும். இரண்டு ஜோடியிலும் விழுபவர்கள் நடுவுக்கு முதுகு காட்டி நின்றாலோ தலையோடு தலை மோதும். அதனால் கீழே போகப்போகிறவர் எப்போதும் பக்கத்துக் காலிக் கட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். மேல்-இடது கட்டத்து ஜோடிக்கு மேல்-வலது காலி, கீழ்-வலது ஜோடிக்குக் கீழ்-இடது காலி. ஒவ்வொரு முறையும் குறிக்குத் திரும்பி வந்துதான் அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

வகுப்பை எட்டெட்டுப் பேராக நான்கு குழுவாக்குங்கள். ஒரு குழு மேட்டில், மற்ற மூன்றும் தரையில், ஒருவரை ஒருவர் தொடாத பயிற்சியில். உங்கள் கண் மேட்டை விட்டு நகரக்கூடாது என்பதால்தான் தரையில் தொடாத பயிற்சி. ஒரு பீரியடில் இரண்டு குழு மேட் ஏறினாலே அதிகம். மற்ற இரண்டும் அடுத்த வகுப்பில்.

தொடும் விதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தொடலாம்: மணிக்கட்டு முதல் தோள் வரை கை, மேல்முதுகு, முட்டிக்குப் பின்பக்கம். பிடிப்பவரின் தலை எதிராளியின் விலாவோரத்திலும் தோள் அவர் தொடையிலும் சாயலாம். தொடக்கூடாது: தலை, கழுத்து, முகம், முடி, தனி விரல், உடை, மார்பு, இடுப்புக்குக் கீழே நடுப்பகுதி. கழுத்தின் பின்னால் இரு கையையும் கோத்து அமுக்கும் டபுள் நெல்சன் 15 வயதுக்கு உட்பட்டோர் போட்டியிலேயே தடை, வகுப்பில் சொல்லவே வேண்டாம். ஜோடி ஒரே பாலினத்தில், எடை வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குள். 45 கிலோ பையனுக்கு 41 முதல் 49 கிலோவுக்குள் ஆள் வேண்டும். பெண்கள் குழு மேட் ஏறும்போது ஆசிரியை ஒருவர் கூட இருக்கட்டும். செய்து காட்ட மாணவரைப் பிடிக்காதீர்கள். இரண்டு மாணவர்களை நிறுத்தி வாயால் நடத்துங்கள்.

மேட் ஏறுமுன் ஒரு பார்வை: நகம், கொலுசு, தோடு, மூக்குத்தி, கைக்கயிறு, தாயத்து. கழற்ற மாட்டேன் என்கிற கயிற்றை டேப் சுற்றி மூடலாம், உலோகத்தை மூடினாலும் அனுமதிக்காதீர்கள். படர்தாமரை, கொப்புளம், ஆறாத புண் இருந்தால் அன்று தரைக் குழுதான். மேட்டில் வெளிச்செருப்பு, ஷூ கூடாது. முடிந்ததும் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக் காயவிட்ட பிறகே சுருட்டுங்கள்.

இப்போது பாடம். முதல் இரண்டு வகுப்பு முழுக்க விழுவதற்கே. உட்கார்ந்த நிலையிலிருந்து, பிறகு குந்திய நிலையிலிருந்து, பிறகு அரைநிற்றலிலிருந்து, ஒவ்வொன்றும் ஐந்து முறை. கை இரண்டும் மார்பில் குறுக்காக, தாடைக்கும் மார்புக்கும் நடுவே மடித்த கைக்குட்டை. குதிகாலுக்குப் பக்கத்திலேயே பிட்டத்தை வைத்து, முதுகை வளைத்து உருள வேண்டும். கைக்குட்டை விழுந்தால் தலை பின்னால் போகிறது என்று அர்த்தம். எல்லோரும் செய்கிற தப்பு, பின்னால் கையை ஊன்றுவது. நீட்டிய கை மேல் மொத்த எடையும் வந்தால் மணிக்கட்டோ முழங்கையோ காறை எலும்போ போகும். கை ஊன்றுகிற பழக்கம் போகாதவரைப் பிடிபடுபவராக நிறுத்தாதீர்கள்.

அடுத்து ஸ்டான்ஸ். கபடி தெரிந்த பிள்ளைகள் என்பது பாதி வரம், பாதி தொல்லை. தாழ்ந்து நிற்க வரும், ஆனால் கையை அகல விரித்து, தலையைக் குனிந்து, கணுக்காலுக்குப் பாய்வார்கள். அங்கே அது சரி. இங்கே குனிந்த தலை எதிராளியின் முட்டியில் போய் இடிக்கும். கால்கள் தோளைவிடக் கொஞ்சம் அகலமாக, ஒரு கால் அரை அடி முன்னால். எடை முன்பாதத்தில், குதிகால் தரையை லேசாகத் தொட்டபடி. முட்டி மடங்க வேண்டும், முதுகு நேராக, கண் எதிராளியின் மார்பில். முழங்கை விலாவோடு. இரு அக்குளிலும் சுருட்டிய துண்டு ஒன்று வைத்து நகரச் சொல்லுங்கள், துண்டு விழுந்தால் கை விரிந்துவிட்டது. தாழ்வது இடுப்பிலா முட்டியிலா என்று கண்டுபிடிக்கக் கொத்தனார் முறை ஒன்று போதும்: மூக்கிலிருந்து தூக்குக்குண்டு தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது முன்கால் பெருவிரலைத் தாண்டி விழுந்தால் இடுப்பில் மடிந்து நிற்கிறான், லேசாக இழுத்தாலே கையூன்றி விழுவான். நகரும்போது போகிற திசைக் கால் முதலில், மற்றது பின்தொடர. கால் ஒன்றை ஒன்று தாண்டக்கூடாது, பாதங்கள் சேரவும் கூடாது. தரைக் குழுக்களுக்கு இதுதான் வேலை: இரண்டு மீட்டர் தள்ளி எதிரெதிரே நின்று, ஒருவர் நகர மற்றவர் கண்ணாடி மாதிரி நகர்வது.

பேலன்ஸைச் சொல்லிப் புரியவைப்பதைவிடத் தொட்டுப் புரியவைப்பது சுலபம். இரு பாதத்தையும் சேர்த்து ஒரு கோடு இருப்பதாக வையுங்கள். அந்தக் கோட்டின் வாக்கில் தோளைத் தள்ளினால் ஆள் அசையமாட்டான். கோட்டுக்குக் குறுக்கே இரண்டு விரலால் தள்ளினாலே அடி எடுத்து வைப்பான். ஒவ்வொருவரும் இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், பலத்தால் தள்ளுவது தேவையில்லை என்பது தானாகப் புரியும். பிறகு உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துத் தள்ளும் விளையாட்டு, கால் நகர்ந்தவருக்கு ஒரு புள்ளி இழப்பு. முட்டியைத் தொடும் விளையாட்டும் நல்லதுதான். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தால் மண்டை மோதும். அதனால் ஒரு விசிலுக்கு ஒருவர் மட்டும் தொடப் பாயட்டும், மற்றவர் விலக மட்டும் செய்யட்டும்.

சிங்கிள் லெக்கைப் பாய்ந்து பிடிப்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முன்காலைப் பிடிபடுபவரே கொடுக்கட்டும். பிடிப்பவர் முட்டியை மடக்கித் தாழ்ந்து, இரு கையையும் அவர் முட்டிக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்து, அந்தக் காலைத் தன் மார்போடு ஒட்டிக்கொள்கிறார். தலை உள்பக்கம், எதிராளியின் உடம்போடு, முகம் நிமிர்ந்து. தலை வெளியே இருந்தால் கழுத்து மாட்டிக்கொள்ளும். எழுந்து, பிடித்த காலின் கணுக்கால் பகுதியைத் தன் தொடைகளுக்கு நடுவே, முட்டிக்குச் சற்று மேலே இடுக்கிக்கொள்கிறார். கால் இதற்கு மேல் உயரக்கூடாது. இப்போது எதிராளி ஒற்றைக்காலில் நிற்கிறார், தள்ளவே தேவையில்லை. பிடிப்பவர் தோளை அவர் தொடை மேல் சாய்த்தபடி, அரைவட்டமாக இரண்டு சின்ன அடி பின்வாங்கினால், அவர் பிடிபட்ட காலின் பக்கத்துப் பிட்டத்தில் உட்கார்ந்துவிடுவார். பிடிப்பவரும் கூடவே முட்டியை மடக்கித் தாழ்ந்து, ஒரு முட்டி ஊன்றி முடிக்க வேண்டும், மேலே விழக்கூடாது. தோள் அழுத்தம் தொடையில் இருக்கட்டும், முட்டி மூட்டின் பக்கவாட்டில் ஒருபோதும் வேண்டாம். பிடிபட்டவர் நொண்டியடித்துத் தப்பப் பார்க்கக்கூடாது, ஊன்றிய கால் முறுக்குவது அப்போதுதான்.

நிறுத்தும் சைகையை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கையால் இரண்டு முறை தட்டுவது, அல்லது விசில், அல்லது "நிறுத்து" என்ற சொல், எது வந்தாலும் நிறுத்த வேண்டும். ஆனால் பிள்ளைகள் "நிறுத்து" என்றால் கையை விட்டுவிடுவார்கள். ஒற்றைக்காலில் நிற்பவரை அப்படி விட்டால் அவர் அங்கேயே சாய்வார். ஆகவே நிறுத்து என்றால் உறைந்து நில், பிடித்த காலைத் தரையில் வை, அதன் பிறகு கையை எடு. டேக்டவுன் தொடங்கும் முன்பே இந்த மூன்றையும் பத்து முறை செய்ய வையுங்கள்.

சரியாகச் செய்கிறார்களா என்று தெரிந்துகொள்ளக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நன்றாக இறக்கி வைத்தால் மேட்டில் சத்தமே வராது. "தொப்" என்று கேட்டால் பிடிப்பவர் தாழாமல் நின்றபடியே இழுத்திருக்கிறார். உடனே அந்த ஜோடியை முந்தைய படிக்கு அனுப்புங்கள். தொடர்ந்து ஐந்து முறை சத்தமில்லாமல் இறக்கியவர்களுக்கு மட்டும், கொடுத்த காலுக்குப் பதில் தானே ஓரடி எடுத்து வைத்துப் பிடிப்பதைச் சொல்லிக்கொடுக்கலாம். எதிர்ப்போடு போட்டி வைக்க ஆசைப்பட்டால் இருவரும் மண்டியிட்ட நிலையிலிருந்து, 20 நொடி, எதிராளியின் பின்பக்கம் போனால் புள்ளி. நின்றபடி போட்டி இந்தப் பருவத்தில் வேண்டாம்.

தலை எங்கேயாவது இடித்தால், பையன் "ஒண்ணும் இல்ல சார்" என்றாலும் அன்று அவனுக்கு மேட் முடிந்தது. தலைவலி, வாந்தி, மயக்கம், பேச்சில் குழப்பம் எதுவும் இருந்தால் வீட்டுக்குத் தகவல் சொல்லி உடனே மருத்துவமனைக்கு. கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். படுத்த இடத்திலேயே தலை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்கு அழையுங்கள்.