நெத்திலி மூட்டையை மட்டும் நம்பும் கம்பெனி: 25 ஆயிரத்துக்குள் ஒரு சோதனை

"தங்கச்சிமடம் பக்கம் நெத்திலிக் கருவாடு கம்பெனி நடத்துகிறேன். 11 பேர் வேலை பார்க்கிறார்கள். மாதம் 2 டன் வரை மூட்டையாகப் போகும். கிலோ 260 ரூபாய் கிடைக்கிறது. முக்கால்வாசிச் சரக்கைத் தூத்துக்குடியில் ஒரே வியாபாரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறார். 2022-ல் அவர் இரண்டு மாதம் சரக்கே எடுக்கவில்லை, ரொம்பத் திண்டாடிவிட்டோம். கருவாட்டுத் தொக்கு போட மெஷின் வாங்க வங்கியில் 14 லட்சம் கடன் தருகிறார்கள். தம்பி கடல்பாசி வளர்க்கலாம் என்கிறான். எதில் இறங்கலாம் ஐயா?"

இப்போதைக்கு இரண்டிலும் இறங்க வேண்டாம். அந்த 14 லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும்.

2022-ல் உங்களுக்கு நெத்திலி கிடைக்காமல் போகவில்லை, வெயிலும் குறையவில்லை. இலங்கையில் டாலர் தட்டுப்பாடு வந்தது, உங்கள் வியாபாரி கையை விரித்தார். அதாவது உங்களைச் சாய்த்தது ஒரே மீன் அல்ல, ஒரே ஆள். இது தெரியாமல் புதுப் பொருள் தேடினால் தவறான இடத்தில் பணம் போகும். கடந்த மூன்று வருடக் கணக்கு நோட்டை எடுத்து, வரவு படுத்த மாதங்களுக்கு எதிரே காரணத்தை எழுதுங்கள். நம் கரையில் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், ஐப்பசி கார்த்திகை மழை, அப்புறம் வாங்குபவர். தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகும் கரைவலையும் ஓடுவதால் நெத்திலிக்காரருக்கு அந்த அடி கொஞ்சம் குறைவு. மழை எல்லோருக்கும் ஒன்றுதான்.

இனி எந்தப் புதுப் பொருளைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: நெத்திலி மூட்டை விழும் மாதத்தில் இதுவும் கூடவே விழுமா? காரல் கருவாடு போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதே களம், அதே வெயில், அதே வியாபாரி. பெயர்தான் இரண்டு, விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். அதே நெத்திலியைத் தலை கிள்ளி, குடல் நீக்கி, மண் இல்லாமல் 100 கிராம் பாக்கெட்டாக மதுரைக் கடைகளுக்குக் கொடுத்தால் மீனும் களமும் பழையவை, வாங்குபவர் மட்டும் புதியவர். உங்கள் நோய்க்கு இதுதான் நேரான மருந்து. புதிதாகக் கற்க வேண்டியதும் குறைவு.

சோதனைக்கு 40 கிலோ போதும். மாதம் 2 டன் போகிற இடத்தில் 40 கிலோ குறைந்ததை உங்கள் வியாபாரி கவனிக்கக்கூட மாட்டார். கணக்கு போடும்போது உங்கள் மீனை உங்களுக்கு அடங்கிய விலையில் எழுதாதீர்கள். மூட்டையாக விற்றால் கிடைக்கும் 260-ஐயே எழுதுங்கள். இல்லாவிட்டால் மூட்டையில் வரவேண்டிய லாபத்தையே பாக்கெட் லாபம் என்று நினைத்து ஏமாறுவீர்கள்.

40 கிலோவுக்கு 10,400 ரூபாய். தலையும் குடலும் போனால் கால் பங்கு எடை குறையும் என்று வைத்துக்கொள்வோம், 30 கிலோ மிஞ்சும், 300 பாக்கெட். சுத்தம் செய்ய ஒரு பெண் நாளைக்கு 5 கிலோ பார்த்தால் 8 ஆள் கூலி, 400 வீதம் 3,200. பையும் லேபிளும் பாக்கெட்டுக்கு 8 ரூபாய் வீதம் 2,400. கையால் அழுத்தி ஒட்டும் சீலிங் மெஷின், ஒருமுறை ஆய்வகப் பரிசோதனை, கொண்டுபோகும் வண்டிச் செலவு என்று இன்னொரு 7,000 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 23,000. நோட்டில் 25,000 என்று எழுதி அடியில் கோடு போட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை.

பாக்கெட் ஒன்றுக்குப் பார்த்தால் மீன் சுமார் 35, கூலி 11, பையும் லேபிளும் 8, ஆக 54 ரூபாய். மேலே அச்சிடும் விலை 95, கடைக்காரருக்கு 72 என்று வையுங்கள். அதில் ஜிஎஸ்டி போக 68 சொச்சம் நிற்கும், வண்டிக்கு 5 ரூபாய் கழித்தால் கையில் 9 அல்லது 10. கிள்ளிய தலையைக் கோழித் தீவனத்துக்குக் கொடுத்தால் சில்லறை கிடைக்கும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்து ரூபாய் சின்னதாகத் தெரியலாம். ஆனால் இது மூட்டை லாபத்துக்கு மேலே வரும் பத்து ரூபாய்.

ஜிஎஸ்டி என்றேனே, அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மூட்டைக் கருவாட்டுக்கு வரி இல்லை. லேபிள் ஒட்டிய சில்லறைப் பாக்கெட்டுக்கு 5 சதவீதம். வரி இல்லாத சரக்கை மட்டும் விற்கும் வரை ஜிஎஸ்டி பதிவே தேவைப்படாது. முதல் பாக்கெட் போனதும் மூட்டை வியாபாரத்தையும் சேர்த்த மொத்த விற்பனையைப் பார்ப்பார்கள். உங்களுக்கு வருடம் 60 லட்சம் தாண்டுகிறது, 40 லட்ச வரம்புக்கு மேல். பதிவு இல்லையென்றால் பாக்கெட் போடும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் சில்லறைப் பாக்கெட் போடவும் இடம் தருகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எப்போது விற்றுப் பார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தடைக்காலத்தில் பச்சை மீன் விலை ஏறிக் கிடக்கும், எந்தக் கருவாடும் போகும். ஆடியில் கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு கேட்பார்கள், அதுவும் பொய்க் கணக்கு. புரட்டாசியில் பாதி வீட்டில் கவிச்சியே கிடையாது, கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்கள். தை பத்து தேதிக்கு மேல் பங்குனி முடிய உள்ள நாட்கள்தான் சாதாரண நாட்கள். வெயிலும் அப்போது நன்றாக அடிக்கும். அந்தக் காலத்தில் விற்றால் அது உண்மையான விற்பனை.

மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று 12 கடைகள் பிடியுங்கள். கடைக்கு 20 பாக்கெட், காசு கையில். "விற்றதும் தருகிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். அவர் அலமாரியில் பாக்கெட் இருப்பதால் உங்களுக்கு எதுவும் தெரியவராது. காசு கொடுத்து வாங்கியவர்தான் கண்ணில் படும் இடத்தில் வைப்பார். முதல் முறை வாங்குவது முகதாட்சண்யத்துக்காகவும் இருக்கலாம், புதுசு என்பதற்காகவும் இருக்கலாம். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 45 நாளுக்குள் எத்தனை கடை நீங்கள் கேட்காமலே மறுபடி சரக்குக் கேட்டது என்பதை மட்டும் எண்ணுங்கள். ஐந்து கடை கேட்டால் அடுத்த சுற்றுக்கு 150 கிலோ போடுங்கள். இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் நிறுத்திவிடுங்கள். நடுவில் நின்றால் ஒன்றே ஒன்றை மாற்றி இன்னொரு சுற்று பாருங்கள். அது விலையாக இருக்கலாம், பாக்கெட் அளவாக இருக்கலாம், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இந்த எண்களைச் சரக்கு கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள். பிறகு எழுதினால் மனசு தனக்குப் பிடித்த எண்ணை எழுதிக்கொள்ளும்.

மீதி 60 பாக்கெட்டில் ஒரு இருபதை வீட்டில் வையுங்கள். மூட்டையில் கருவாடு மூச்சு விடும், பிளாஸ்டிக்கில் விடாது. களத்துச் சூட்டோடு பையில் போட்டால் உள்ளே வேர்த்துப் பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த மீனை ஒரு ராத்திரி நிழலில் ஆறவிட்டு, வளைத்தால் ஒடிகிறதா என்று பார்த்து அடையுங்கள். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. வாரம் ஒரு பாக்கெட்டாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். பொடிப்பொடியாகக் கொட்டினால், மயிருள்ள சின்னப் புழு கண்ணில் பட்டால், வண்டு முட்டை உள்ளேயே போயிருக்கிறது. பாக்கெட்டில் அடைக்கும் முன் பெரிய பையில் கட்டி மூன்று நாள் டீப் ஃப்ரீசரில் வைத்தால் முட்டை செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் சூடு ஏறவிடுங்கள், இல்லாவிட்டால் மீன்மேல் தண்ணீர் கோர்க்கும். மருந்து தூவுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இந்தச் சரக்கின் பக்கமே வரவிடாதீர்கள்.

தொக்கு கெட்ட யோசனை இல்லை. மழை மாதத்தில் வெயில் இல்லாமலே வேலை நடக்கும், அதனால் உங்கள் இரண்டாவது பள்ளத்தை அது நிரப்பக்கூடும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள மெஷின் தேவையில்லை. உரிமம் வைத்திருக்கும் ஊறுகாய்க்காரர் ஒருவரிடம் கூலிக்கு 200 பாட்டில் போட்டு வாங்குங்கள், விற்பனையை மேலே சொன்ன மாதிரியே எண்ணுங்கள். தொக்கில் ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாத இடத்தில் மீன் இருக்கும்போது, புளிப்பு போதாவிட்டால் உயிருக்கே ஆபத்தான நச்சுக் கிருமி வளரும், வாசனையில் அது தெரியாது. பிஎச் 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். மசாலாவை மட்டும் அளந்தால் போதாது, மீன் துண்டோடு சேர்த்து அரைத்து ஆய்வகத்தில் அளக்கச் சொல்லுங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

தம்பியின் கடல்பாசி உங்களுக்குப் பக்கத்துப் பொருள் அல்ல. கடல் ஒன்றுதான், தொழில் வேறு. கடல் சூடாகும் மாதங்களில் கப்பாபைகஸ் பாசி வெளுத்து உதிர்வதை மண்டபம் பக்கம் தெப்பம் கட்டியவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். தம்பிக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் தெரிந்த குழுவோடு ஒரு சுற்று கூட வேலை பார்த்துவிட்டு வரட்டும், உங்கள் கம்பெனிப் பணம் அதில் வேண்டாம்.

பாக்கெட் வேலையை மூட்டை கட்டும் ஆட்களிடமே இடையில் செருகாதீர்கள். இரண்டு பெண்களைத் தனியாக உட்கார வையுங்கள். மூட்டையில் தரம் குறைந்து தூத்துக்குடிக்காரர் விலையைக் குறைத்தால், 300 பாக்கெட்டில் வந்ததைப் போல் பத்து மடங்கு போய்விடும்.

தைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 2 கிலோவைத் தலை கிள்ளி எடை போட்டுப் பாருங்கள். ஒன்றரை கிலோ மிஞ்சினால் மேலே போட்ட கணக்கு நிற்கும். 1.2-க்கு இறங்கினால் மீன் செலவு மட்டுமே பாக்கெட்டுக்கு 43 ரூபாயைத் தாண்டும், கிள்ளும் கூலியும் சேர்ந்து ஏறும். அப்போது 95 ரூபாய் விலை நிற்காது. தலையோடு, மண் மட்டும் சலித்த பாக்கெட்டில் சோதனையைத் தொடங்குங்கள்.