கப்பல் குசினிக்கு ஒரு விண்ணப்பம்

அண்ணை, வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் 7 வருடமாக நிற்கிறேன். இப்போது செஃப் டி பார்ட்டி, சூடான சமையல் பிரிவு. வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையல் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "நான் நேர்மையான, கடுமையாக உழைக்கும் ஆள். எனக்கு எல்லா வகைச் சமையலும் தெரியும். எந்தப் பதவி தந்தாலும் ஏற்றுக்கொள்வேன். 24 மணி நேரமும் வேலை செய்யத் தயார்." நீங்கள் கப்பல் குசினியில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன், இது போதுமா? கொழும்பில் ஒரு முகவர் நிலையம் பதிவுக்கு இரண்டரை இலட்சம் ரூபா கேட்கிறது. கட்டலாமா? என் விவரக்கோவையையும் இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பி,

காசு விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரைக்கும் ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

உங்கள் விவரக்கோவையைப் பார்த்த பிறகு கடிதத்தைப் படித்தேன். இரண்டையும் எழுதியது ஒரே ஆளா என்று சந்தேகம் வந்துவிட்டது. கோவையில் நல்ல சரக்கு இருக்கிறது, கடிதத்தில் ஒன்றுமே இல்லை. நேர்மை, உழைப்பு என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அது இருந்தாலும் கெடுதல் இல்லை. மற்ற மூன்று வசனங்களும்தான் கெடுதல்.

முதலில் அந்த 24 மணி நேரம். கப்பலில் வேலை நேரத்தை விட ஓய்வு நேரத்துக்குத்தான் கணக்கு கடுமை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், எந்த ஏழு நாளிலும் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு கொடுக்க வேண்டும். அந்தப் பத்து மணி நேரத்தையும் இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒவ்வொருவருடைய ஓய்வு நேரமும் பதிவாகும். துறைமுகத்தில் பரிசோதனைக்கு வருபவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். ஆகவே இரவு பகல் பாராமல் நிற்பேன் என்று எழுதினால், வாசிப்பவருக்கு உங்கள் ஆர்வம் தெரியாது, கப்பல் வேலை பற்றி நீங்கள் விசாரிக்கவில்லை என்பதுதான் தெரியும். வேலை லேசு என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஒப்பந்தம் முடியும் வரை வாரத்தில் ஏழு நாளும் வேலைதான், ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்று கிடையாது.

அடுத்தது, "எந்தப் பதவி தந்தாலும்". ஆட்களை எடுப்பவர் பதவி வாரியாகத்தான் கடிதங்களைப் பிரித்து அடுக்குவார். பதவி பெயர் இல்லாத கடிதத்தை அவர் எந்த அடுக்கில் வைப்பார்? பதவிப் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கீழிருந்து மேலாகச் சொன்னால், சிலரிடம் கொமி, டெமி செஃப், செஃப் டி பார்ட்டி. சிலரிடம் அசிஸ்டன்ட் குக், தேர்ட் குக், செகண்ட் குக், ஃபர்ஸ்ட் குக். ஹோட்டலில் செஃப் டி பார்ட்டியாக இருப்பவரை முதல் ஒப்பந்தத்தில் ஒரு படி, சில நேரம் இரண்டு படி கீழேதான் எடுப்பார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, கப்பல் குசினியின் பழக்கம் வேறு. நீங்கள் டெமி செஃப் என்று கேளுங்கள். நிறுவனத்தின் அறிவிப்பில் என்ன பெயர் இருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள்.

இனி "எல்லா வகைச் சமையலும் தெரியும்". மூன்றிலும் மோசமானது இதுதான். பெரிய கப்பலில் ஒரு வேளைக்கே ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமையல் நடக்கும். அங்கே யாரும் எல்லாம் சமைப்பதில்லை. சூப், சோஸ் ஒரு பக்கம், இறைச்சி வெட்டுவது ஒரு பக்கம், மரக்கறி ஒரு பக்கம், குளிர் உணவு, பேக்கரி, பணியாளர் குசினி என்று தனித்தனி. இதில் எங்கே உங்களை நிறுத்தலாம், எத்தனை பேருக்கான அளவில் கை ஓடும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

உங்கள் கோவையில் இரண்டாம் பக்கத்தில், கீழே ஒரு மூலையில் ஒரு வரி இருக்கிறது: நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மரக்கறி பஃபேக்கு நீங்கள்தான் பொறுப்பு, நாளுக்கு 350 பேர். அதைக் கொண்டுபோய் மூலையில் வைத்தால் எப்படி! இருபத்தைந்து நாள், வெளிநாட்டிலிருந்து வந்த சனம், மீன் இறைச்சி வாசமே இல்லாமல் மூன்று வேளை. உல்லாசக் கப்பல்களில் இந்தியப் பயணிகளுக்கும் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் சமைக்கத் தெரிந்த கைக்குத் தேவை இருக்கிறது. பணியாளர் குசினியிலும் தினமும் சோறும் கறியும் வேண்டும், ஏனென்றால் பணியாளர்களில் பெரும் பங்கு ஆசியாக்காரர்கள். கடிதத்தின் தொடக்கத்திலேயே வர வேண்டியது அந்த வரிதான்.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்திலும் இல்லை, கோவையிலும் இல்லை. உணவுப் பாதுகாப்பு. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் உல்லாசக் கப்பல்களை அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அதிகாரிகள் முன்னறிவிப்பில்லாமல் ஏறிப் பரிசோதிப்பார்கள். நூற்றுக்குப் புள்ளி. 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தோல்வி, அறிக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும். அதனால்தான் நேர்முகத்தில் கறி வகைகளை விட்டுவிட்டு வெப்பநிலையைக் கேட்பார்கள். குளிர் உணவு 5 பாகைக்கு மேலே போகக் கூடாது, சூடான உணவு 57 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது. இதை எல்லோரும் பாடமாக்கிக்கொண்டு வருகிறார்கள். மாட்டிக்கொள்வது அடுத்த கேள்வியில்: "சமைத்ததை எப்படி ஆற்றுவாய்?"

உங்கள் பருப்புக் கறியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிடாரம், 40 லீற்றர், நாளைக்குக் காலைக்குப் பாதியை வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் என்ன செய்வோம்? மூடியைப் பாதி திறந்து நிலத்தில் இறக்கி வைப்போம், ஆறின பிறகு குளிர் அறைக்குள் தள்ளுவோம். கப்பலில் விதி இது: 57 பாகையிலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 பாகைக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். இப்போது உங்கள் குசினியின் சூட்டை யோசியுங்கள். சித்திரை வைகாசியில் அறையே 32, 33 பாகை. 33 பாகை காற்றில் வைத்த கிடாரம் விடிய விடிய இருந்தாலும் 21க்கு வராது. வரவே முடியாது.

முதல் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால், இறைச்சி, பருப்பு மாதிரிக் கிடாரக் கணக்கில் சமைப்பவற்றில் கொதியையும் தாங்கிக் கிடக்கும் நுண்ணுயிர் வித்துகள் இருக்கும். கறி ஆறி இளஞ்சூட்டுக்கு வரும்போது அவை முளைத்து வேகமாகப் பெருகும். அந்த இளஞ்சூட்டைச் சட்டென்று தாண்டிவிட வேண்டும். மணந்து பார்த்தோ ருசி பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது, கறி நன்றாகத்தான் இருக்கும்.

அப்ப எப்படி ஆற்றுவது? கிடாரத்தில் வைத்து ஆற்றக் கூடாது. இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டையான ட்ரேக்களில் ஊற்ற வேண்டும். பிளாஸ்ட் சில்லர் என்ற வேகமாகக் குளிரவைக்கும் பெட்டி இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் ஐஸும் தண்ணீரும் நிரப்பிய தொட்டிக்குள் இறக்கிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரேக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, ஆறும் வரை இறுக்கி மூடவும் கூடாது. தொடங்கிய நேரம், இரண்டு மணி நேரத்தில் எத்தனை பாகை, ஆறு மணி நேரத்தில் எத்தனை பாகை, மூன்றையும் தெர்மோமீட்டரைக் குத்திப் பார்த்துத் தாளில் எழுதிக் கையெழுத்து. இரண்டாவது மணியில் 27 பாகை என்று காட்டினால் 21 என்று எழுதுகிறவனுக்குக் கப்பலில் இடமில்லை. 27 என்றே எழுதி, மேலே இருக்கும் செஃபிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் கொட்டச் சொல்லுவார். கொட்டியதையும் எழுத வேண்டும்.

நல்ல ஹோட்டலிலிருந்து வந்த ஒரு பையன் எங்களோடு இருந்தான், கை அப்படி ஒரு கை. பரிசோதனை அன்று அதிகாரி அவனுடைய தாளைப் பார்த்தார். ஆறு ட்ரேக்கும் ஒரே நேரம், ஒரே பாகை, ஒரே பேனா. ஒன்றும் கேட்காமல் தன் தெர்மோமீட்டரை எடுத்து நடு ட்ரேயில் குத்தினார். அந்தத் தாளை அவன் காலையிலேயே நிரப்பி வைத்துவிட்டான் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ஆகவே கடிதம் இப்படி இருக்கட்டும். ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள். சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"டெமி செஃப் பதவிக்கு, சூடான சமையல் அல்லது இந்தியச் சமையல் பிரிவில் விண்ணப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் ஒன்றில் 7 வருட அனுபவம், தற்போது செஃப் டி பார்ட்டி. திருவிழாக் காலத்தில் நாளொன்றுக்கு 350 பேருக்கான மரக்கறி பஃபேயை என் பொறுப்பில் நடத்துகிறேன். மொத்தமாகச் சமைத்த உணவைத் தட்டையான பாத்திரங்களில் ஐஸ் தொட்டி முறையில் ஆற்றி, வெப்பநிலையைப் பதிவு செய்கிறேன். டில்டிங் பானும் கொம்பி அவனும் பயன்படுத்தியிருக்கிறேன். பிளாஸ்ட் சில்லரில் அனுபவம் இல்லை."

அந்தக் கடைசி வசனத்தை வெட்ட வேண்டாம், நேர்முகத்தில் அதைக் கேட்டால் சமாளிக்கத் தேவையில்லை. ஆனால் ஆற்றும் முறை பற்றிய வசனத்தை இன்றைக்கே அனுப்பவும் வேண்டாம். நாளைக்கே ஒரு தெர்மோமீட்டரை வாங்கி, உங்கள் குசினியில் ஒரு மாதம் அப்படிச் செய்து, தாளில் எழுதிய பிறகு அனுப்புங்கள். ஐஸுக்குப் பெரிய செஃப் முணுமுணுப்பார், பரவாயில்லை. அந்த ஒரு மாதத்துக்குள் சேவைச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். சேர்ந்த தேதி, பதவி உயர்ந்த தேதி, பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். கடிதத்தில் இருப்பதும் அதில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

இனி காசு. அதே 2006 உடன்படிக்கை, வேலை தேடித் தருவதற்காகக் கடலோடியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. சட்டப்படியான மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு, இவற்றின் செலவு உங்களுடையது. விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. பதிவுக் கட்டணம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி உள்ளடங்கிய அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி வேறு சங்கதி. அதைப் பயிற்சி நிலையத்தில் நேரே கட்டிப் படிக்கலாம், முகவர் கையில் கொடுக்கத் தேவையில்லை.

அந்த நிலையத்துக்கு அழைப்பெடுத்து, எந்தக் கப்பல் நிறுவனத்துக்கு ஆள் எடுக்கிறீர்கள், நேர்முகம் செய்வது அந்த நிறுவனத்தின் ஆளா, இரண்டரை இலட்சத்துக்கு ரசீதில் என்ன எழுதுவீர்கள் என்று கேளுங்கள். கப்பலுக்கு ஆள் சேர்க்க அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதைக் கொழும்பில் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் விசாரிக்கலாம். ரசீது கேள்விக்கே பலர் போனை வைத்துவிடுவார்கள். வைத்தால் விடுங்கள், கடிதத்தை நேரே கப்பல் நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பகுதிக்கு அனுப்பலாம். அவர்களுடைய அங்கீகரிக்கப்பட்ட முகவர் இலங்கையில் யார் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.