ரிவியூ முறைப் பலகை: கேள்வி பதில்

கேள்வி (அணித் தலைவர் ஒருவர்): வணக்கம் ஐயா. எங்கள் மென்பொருள் அணியில் ஆறு பேர். புல் ரிக்வெஸ்ட்டுகளில் பெரும்பகுதி ஒரே சீனியரிடம் போய் நிற்கிறது. எந்த வாரம் யார் ரிவியூ செய்வது என்ற முறைப் பட்டியலைப் பலகையில் எழுத நினைக்கிறோம். எப்படி எழுதுவது?

பதில்: வணக்கம். எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மெர்ஜ் ஆன பழைய ரிக்வெஸ்ட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கொடுத்தவர் யார் என்று பாருங்கள்.

```
gh pr list --state merged --limit 100 --json number,author,reviews
```

அந்தச் சீனியரிடம் குவிவது எந்த வழியில் என்பது இதில் ஓரளவு புலப்படும். எழுதியவர்களே அவரைத் தேடிப் போகிறார்களா, அல்லது ஏதோ ஓர் அமைப்பு தானாக அவர் பெயரைச் சேர்க்கிறதா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். இரண்டாவது காரணத்தைப் பற்றிக் கீழே வேறொருவருக்கு விரிவாகச் சொல்கிறேன்.

பட்டியலில் ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு பெயர்கள் வேண்டும்: அந்த வாரத்தின் ரிவியூவர், அவருக்கு மாற்று. ரிவியூவரே எழுதிய ரிக்வெஸ்ட் மாற்றிடம் போகும். ஆறு பேரையும் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று வைத்துக்கொள்வோம். பலரும் அ-வுக்கு மாற்றாக ஆ-வை எழுதிவிடுகிறார்கள். அடுத்த வாரம் ஆ-வே ரிவியூவர் ஆவதால், அவர் தொடர்ந்து இரண்டு வாரம் சுமக்க நேர்கிறது. ஆகவே மாற்றை மூன்று இடம் தள்ளி எடுங்கள்: அ-வுக்கு ஈ, ஆ-வுக்கு உ, இ-க்கு ஊ. ஆனால் இதையே நிரந்தரமாக வைத்தால், அ தம் முறையில் எழுதியதை எப்போதும் ஈ-யும், ஈ தம் முறையில் எழுதியதை எப்போதும் அ-வும் பார்ப்பார்கள். அந்த இருவருக்குள் பழகிப்போன தவறுகள் மூன்றாம் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே ஆறு வாரச் சுற்று முடியும்போது தள்ளும் இடத்தை மாற்றுங்கள். 3, பிறகு 4, பிறகு 2 என்ற வரிசை சரியாக வரும். 3-க்கு அடுத்து நேரே 2 வைத்தால், சுற்று மாறும் இடத்தில் இ தொடர்ந்து இரண்டு வாரம் மாற்றாக வந்துவிடுவார். தாளில் போட்டுப் பாருங்கள், தெரியும்.

இவற்றைவிட முக்கியம் பலகையின் மூன்றாவது நெடுவரிசை. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவர் கையில் இப்போது முடியாமல் இருக்கும் ரிவியூக்கள் எத்தனை என்று எழுதுங்கள். முறை யாருடையது என்பதைப் பட்டியல் சொல்லும். யார் கை நிறைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. ஒரு வாரத்தில் 18 ரிக்வெஸ்ட்டுகள் வருகின்றன என்று கொள்வோம். அவற்றில் 3 அ எழுதியவை. அவை ஈ-யிடம் போகின்றன. மற்ற 15 அ-விடம் வர வேண்டும். புதன் மாலையில் அ-வின் கையில் 4 திறந்திருக்கின்றன. நான்கைத் தொட்டால் புதியது மாற்றுக்கு என்று அணி பேசி வைத்திருந்தால், அடுத்து வரும் இரண்டும் ஈ-யிடம் போகும். வெள்ளியன்று அ-விடம் 3 மிச்சம். அவற்றை ஆ-விடம் கொடுக்கக் கூடாது. ரிவியூவைத் தொடங்கியவரே அதை முடிக்க வேண்டும். இல்லையென்றால் எழுதியவர் எல்லாவற்றையும் புதிதாக விளக்க வேண்டியிருக்கும். முதலில் பார்த்தவர் கேட்ட கேள்விகளும் பதிலில்லாமல் தொங்கும். ஆகவே புதிய வாரத்தின் பலகையில் அ-வின் பெயருக்கு எதிரே 3 என்று இருப்பது குறை அன்று. அதுதான் உண்மை நிலவரம்.

ஓர் எச்சரிக்கை: பலகையில் அணியின் பெயரையோ "யாராவது" என்பதையோ எழுதாதீர்கள். ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். தினமும் ஒருவர் என்று போட்டிருக்கிறோம். ஆனாலும் ஒருவர் மட்டும் தமக்கு அதிகம் என்கிறார். மிகைப்படுத்துகிறாரா?

பதில்: அவர் திங்கட்கிழமைக்காரராக இருக்கக்கூடும். ஐந்து பேர், ஐந்து வேலை நாட்கள் என்றால் சுற்று நகரவே நகராது; ஒவ்வொருவரும் ஒரே கிழமையில் பூட்டப்பட்டுவிடுவார்கள். வெள்ளி மாலையில் திறந்துவிட்டுப் போகும் ரிக்வெஸ்ட்டுகள் எல்லாம் திங்கள் காலையில் ஒரே நபரின் மேல் விழும். ஆறு பேர் இருந்தால் சுற்று தானாகவே நகரும். ஐந்து பேர் என்பதால், ஒவ்வொரு வாரமும் பட்டியலை அடுத்த பெயரிலிருந்து தொடங்குங்கள். அவருடைய முறையீடு பெரும்பாலும் நியாயமானதாகவே இருக்கும்.

கேள்வி: கிட்ஹப்பிலேயே ரவுண்ட் ராபின் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் போதாதா? பலகை எதற்கு?

பதில்: பாதி சரி. அணியிடம் ரிவியூ கேட்கும்போது உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அதில் இரண்டு வழிகள் உண்டு. ரவுண்ட் ராபின், கடைசியாக யாருக்குக் கொடுத்து அதிக நாளாயிற்று என்பதை மட்டுமே பார்க்கும். அவர் கையில் ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்பதைப் பார்க்காது. லோடு பேலன்ஸ், நிலுவையில் இருப்பவற்றையும் கணக்கில் எடுத்து, 30 நாள் காலத்தில் எல்லோருக்கும் சம எண்ணிக்கை வரும்படி முயலும். தம் நிலையை Busy என்று வைத்திருப்பவரை இரண்டுமே விட்டுவிடும்.

ஆனால் இவை வேலை செய்வது, ரிக்வெஸ்ட் அணியின் பெயருக்கு வரும்போது மட்டுந்தான். எழுதியவர் நேரடியாக ஒருவரின் பெயரைச் சேர்த்தாலும், தனிச் செய்தியில் "கொஞ்சம் பார்த்துவிடுங்கள் அண்ணா" என்று கேட்டாலும் இந்த ஏற்பாடு முழுவதும் தாண்டப்படும். சீனியர்களிடம் குவிவது பெரும்பாலும் அந்த வாசல் வழியேதான். பலகையில் பெயர் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால், கேட்கப்பட்டவர் "இந்த வாரம் முறை ஆ-வுடையது" என்று சங்கடமின்றிச் சொல்ல முடியும். எனவே இரண்டும் சேர்ந்து இருக்கட்டும்.

கேள்வி: இதற்கு எந்த மென்பொருள் நல்லது ஐயா?

பதில்: உங்கள் அணி தினமும் பார்க்கும் பலகை எதுவோ அது.

கேள்வி: வார எண்ணை ஆறால் வகுத்து, மீதியை வைத்து ரிவியூவர் பெயரைக் காட்டும் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். அருமையாக ஓடுகிறது.

பதில்: ஆண்டு முடியும்வரை ஓடும். 52-ஐ ஆறால் வகுத்தால் மீதி 4. அடுத்த வாரம் எண் 1, மீதியும் 1. மீதி 5-க்கும் 0-க்கும் உரிய இருவரின் முறை தாண்டிப் போய்விடும். 2026 போல 53 வாரங்கள் உள்ள ஆண்டில் ஒருவர் தப்புவார். ஒரு நிலையான திங்கட்கிழமையிலிருந்து எண்ணுங்கள்:

```python
from datetime import date
names = ["அ", "ஆ", "இ", "ஈ", "உ", "ஊ"]
week = (date.today() - date(2024, 1, 1)).days // 7
print(names[week % len(names)])
```

இதிலும் ஒரு வரம்பு உண்டு. ஏழாவது நபர் சேர்ந்த அன்றே எல்லோருடைய முறையும் இடம் மாறும். அதனால் அடுத்த ஆறு வாரங்களை ஸ்கிரிப்ட் கணக்கிடட்டும். பலகையில் எழுதியபின் அது மாறக் கூடாது.

கேள்வி: பட்டியல் போட்டோம், பயனில்லை. பணப் பரிமாற்றக் குறிமுறை ஒருவருக்குத்தான் தெரியும். முறை யாருடையதாக இருந்தாலும் கடைசியில் எல்லாம் அவரிடமே வருகிறது.

பதில்: முதலில், எந்தப் பகுதிக்கு யார் உரிமையாளர் என்று கிட்ஹப்புக்குச் சொல்லும் உங்கள் `CODEOWNERS` கோப்பைத் திறந்து பாருங்கள். `*` என்ற வரிக்கு எதிரே அவருடைய பெயர் தனியாக இருக்கிறதா? இருந்தால், வேறு வரி எதுவும் பொருந்தாத ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் கிட்ஹப்பே அவரை அழைத்துக்கொண்டிருக்கிறது. பலகையில் என்ன எழுதினாலும் அது நிற்காது. அந்தக் கோப்பில் கடைசியாகப் பொருந்தும் வரிதான் செல்லும். எனவே `*` வரி கோப்பின் அடியில் இருந்தால், மேலே உள்ள நுட்பமான வரிகள் அனைத்தும் வீண். இப்படி இருக்கலாம்:

```
*                  @org/all-devs
/payments/ledger/  @org/payments
```

உரிமையை உண்மையிலேயே ஆபத்தான அடைவுக்கு மட்டும் சுருக்குங்கள். அந்த அடைவைத் தொடும் ரிக்வெஸ்ட்டையும் முதலில் முறைக்காரர் படிக்கட்டும். பெயர்கள், சோதனைகள், பிழை கையாளும் விதம் ஆகியவற்றை அவர் முடித்தபின், தெரிந்தவர் கணக்குப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும். அவருடைய நேரமும் மிஞ்சும். இன்னொருவர் அந்தக் குறிமுறையைக் கற்கவும் தொடங்குவார்.

அதே நபர்: கோப்பில் நீங்கள் சொன்னபடியேதான் `*` அடியில் இருந்தது, நன்றி. ஆனால் தெரியாதவர் ஒப்புதல் கொடுத்துத் தவறு வெளியே போனால் பொறுப்பு யாருடையது?

இடையில் மற்றொருவர்: எங்கள் அணியில் அப்படித்தான் நடந்தது. வட்டித் தொகையை ரவுண்ட் செய்யும் இடத்தில் இருந்த பிழையை முறைக்காரர் கவனிக்கவில்லை. அன்றோடு பட்டியலைக் கைவிட்டோம். தெரிந்தவர் பார்ப்பதே ரிவியூ, மற்றது சடங்கு.

பதில்: உங்களோடு நான் உடன்படவில்லை. நீங்கள் சொல்லும் நிகழ்வில் முறைக்காரர் ஒருவரே போதும் என்று அமைப்பு அனுமதித்திருக்கிறது. அந்த அடைவுக்கு உரிமையாளரின் ஒப்புதல் கட்டாயம் என்று கிட்ஹப்பின் கிளைப் பாதுகாப்பில் வைத்திருந்தால், அவர் பார்க்காமல் அது மெர்ஜ் ஆகியிருக்காது. அங்கே தவறியது பட்டியல் அன்று. "எனக்கு இந்தப் பகுதி புரியவில்லை" என்று முறைக்காரர் எழுதுவதும் ரிவியூதான். அப்படி எழுத அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

அந்த மற்றொருவர்: ஒப்புதல் கட்டாயம் என்றால் மீண்டும் அவரிடமே வரிசை நிற்குமே. சுற்றி அங்கேயே வந்துவிட்டோம்.

பதில்: அந்த அடைவுக்கு மட்டும் நிற்கும், மற்றவை அவரிடம் வாரா. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பகுதியைப் பட்டியல் தானாகப் பகிர்ந்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் நபர் தயாராகும்வரை அங்கே வரிசை இருக்கும். அது எவ்வளவு நீளம் என்பதைப் பலகையின் மூன்றாம் நெடுவரிசை காட்டும்.

வேறொருவர்: எண்ணிக்கையைக் காட்டுவதே தவறு. 20 வரி ஒன்று, 900 வரி ஒன்று. இரண்டும் பலகையில் ஒன்றா?

பதில்: நல்ல கேள்வி. வரிகளை எண்ணினால், தானாக உருவாகும் கோப்புகள் கணக்கைக் கெடுக்கின்றன. பூட்டு அமைப்பில் செய்யும் பத்து வரி மாற்றம் அரை நாளை விழுங்கவும் கூடும். சில அணிகள் சிறியது, பெரியது என்று எழுதுபவரையே குறிக்கச் சொல்கின்றன. பெரியதை இரண்டாகக் கணக்கிடுகின்றன. எழுதுபவர்கள் எல்லாவற்றையும் சிறியது என்றே குறிக்கும் பழக்கமும் வந்துவிடுகிறது. எனக்கு இதில் திருப்தியான வழி இன்னும் கிடைக்கவில்லை.

அந்த மற்றொருவர்: சரி. உரிமையை அந்த அடைவுக்கு மட்டும் சுருக்கி, பட்டியலை ஒரு சுற்று மீண்டும் வைத்துப் பார்க்கிறோம். சடங்கு என்ற என் கருத்து மாறவில்லை.

கேள்வி: ஜிராவில் செய்யலாமா, ட்ரெல்லோவில் செய்யலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கருவி எதுவாயினும் அதில் ஒரு மனிதரின் பெயர் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளை ரிவியூ செய்ய இந்த முறை பொருந்துமா?

பதில்: அங்கே யார் பார்த்தார் என்பதே மறைவாக இருக்க வேண்டியிருக்கும், பொதுப் பலகை பொருந்தாது. உங்கள் பதிப்பாசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: முறைக்காரர் விடுப்பில் போனால் அடுத்தவருக்கு நகர்த்திவிடலாமா?

பதில்: நகர்த்தினால் பின்னால் உள்ள எல்லோருடைய வாரமும் மாறும், திட்டமிட்டவர்கள் கோபப்படுவார்கள். இருவர் தங்களுக்குள் வாரத்தை மாற்றிக்கொள்ளட்டும்; பலகையில் இரண்டு இடங்களிலும் பெயரைத் திருத்துங்கள். திடீர் விடுப்பு என்றால் மாற்று ஏற்பார். விடுப்புக்காரர் கிட்ஹப்பில் Busy என்று வைக்காவிட்டால், பலகை ஒன்றும் அமைப்பு ஒன்றுமாகச் சொல்லும் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: வாரம் மாறுவது திங்கள் காலையில் இருக்கலாமா?

பதில்: புதன் மதியம் வையுங்கள். திங்களில் மாற்றினால் வெள்ளியில் வந்து குவிந்த, யாரும் தொடங்காத ரிக்வெஸ்ட்டுகள் யாருடையவை என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். புதனில் மாறினால், வார இறுதியின் மிச்சத்தைப் பழைய முறைக்காரரே திங்களும் செவ்வாயும் பார்த்துவிடுவார். புதியவரிடம் கைமாறுவது சிறிதாக இருக்கும். மாறும் நேரத்தில் இருவரும் பலகை முன் ஐந்து நிமிடம் நின்று, தொடங்கப்படாதவற்றில் புதியவரின் பெயரை எழுதிவிட்டால் போதும்.