சாஃப்ட்டின் அளவை மேலே தட்டுவதா, கீழே தட்டுவதா?

கேள்வி: ஹட்டன் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு சாஃப்ட் கடைய வேண்டும். பழைய வரைபடத்தில் விட்டம் 1.4985 முதல் 1.4995 அங்குலம் வரை என்றிருக்கிறது. மில்லிமீற்றருக்கு மாற்றினால் 38.0619, 38.0873 என்று வருகிறது. என் மைக்ரோமீற்றர் இரண்டு தசமம்தான் காட்டும். எந்தப் பக்கம் மட்டந்தட்டுவது?

பதில்: இரண்டு எல்லைக்கும் ஒரே பக்கம் தட்டக்கூடாது. கீழ் எல்லையை மேலே தட்டுங்கள், 38.07. மேல் எல்லையைக் கீழே தட்டுங்கள், 38.08. இரண்டும் உள்நோக்கி வர வேண்டும். அப்போது இந்த இரண்டு இலக்கத்துக்குள் நிற்கும் எந்தச் சாஃப்ட்டும் வரைபடத்துக்குள்ளும் நிற்கும்.

பள்ளிக்கூடத்தில் படித்தபடி ஐந்தும் அதற்கு மேலும் என்றால் கூட்டு, குறைந்தால் விடு என்று போனால் 38.06, 38.09 என்று வரும். முதலாவது கீழ் எல்லைக்கும் கீழே, இரண்டாவது மேல் எல்லைக்கும் மேலே. இந்த ஒரு வேலையில் இரண்டுமே பிழை. 38.09 இல் விட்ட சாஃப்ட் புஷ்ஷுக்குள் நுழையத்தான் செய்யும், ஆனால் எண்ணெய்க்கென்று விட்ட இடைவெளியைத் தின்றுவிடும். தொழிற்பயிற்சி வகுப்புகளில் மட்டந்தட்டலைக் கணக்குப் பாடமாக மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, லேத் முன்னால் நிற்பவனுக்கு எல்லை வேறு, சாதாரண எண் வேறு என்று சொல்லாமலே சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

வரைபடம் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் ஒரு பொறி இருக்கிறது, இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இதே சாஃப்ட்டை 1.5 அங்குலம், −0.0005, −0.0015 என்றும் எழுதுவார்கள். 1.5 அங்குலம் சரியாக 38.1 மில்லிமீற்றர். கழிக்க வேண்டியவை 0.0127, 0.0381. இங்கே 0.0127 ஐக் "கீழே தட்டி" 0.01 ஆக்கினால், கழிக்கும் அளவு குறைந்து சாஃப்ட் 38.09 ஆகப் பருத்துவிடும். மேல் எல்லையைக் கீழே இறக்க, கழிக்கும் அளவை 0.02 ஆகக் கூட்ட வேண்டும். கணினியில் எக்செல் விரிதாளிலும் இதே வினை நடக்கும்: மைனஸ் எண்ணை ROUNDDOWN பூச்சியத்தை நோக்கித்தான் தள்ளும். ஆகவே வித்தியாசத்தை ஒருபோதும் தட்டாதீர்கள். முழு விட்டத்தையும் கண்டுபிடித்த பிறகு, கடைசியில் ஒரே ஒரு முறை தட்டுங்கள்.

```
=ROUNDUP(1.4985*25.4,2)
=ROUNDDOWN(1.4995*25.4,2)
```

விடை 38.07, 38.08.

இனி அளக்கும் இடம். மைக்ரோமீற்றரின் கோடு 38.08 ஐக் கொஞ்சம் தாண்டி நின்றால், "38.08 தான்" என்று வாயால் தட்டிவிடாதீர்கள். அது 38.084 ஆக இருந்தால் தப்பித்தீர்கள், 38.089 ஆக இருந்தால் இல்லை. உங்கள் கருவி அந்த வித்தியாசத்தைக் காட்டாது. எமெரித் தாளால் இன்னொரு தடவை இலேசாகத் தொடுங்கள். லேத்திலிருந்து சுடச்சுட எடுத்தும் அளக்காதீர்கள். 20 பாகை சூடு கூடினால் இந்தத் தடிப்புள்ள இரும்பு ஏறக்குறைய 0.009 மில்லிமீற்றர் பருத்து நிற்கும். சூட்டில் 38.07 காட்டியது ஆறியதும் எல்லைக்குக் கீழே போய்விடும்.

உள்நோக்கித் தட்டியதில் உங்களுக்கு மிஞ்சியது 0.01 மில்லிமீற்றர்தான். வரைபடம் தந்ததோ 0.0254. இழந்ததைத் திரும்ப எடுக்க ஒரே வழி மூன்று தசமம் காட்டும் மைக்ரோமீற்றர். அதில் 38.062 முதல் 38.087 வரை வேலை செய்யலாம். இரவல் கிடைத்தாலும் வாங்கிப் பாவியுங்கள். டிஜிட்டல் வேர்னியர் திரையில் இரண்டு தசமம் காட்டுகிறதே என்று இதற்கு எடுக்காதீர்கள். அதன் சொந்தப் பிழையே 0.02 அளவுக்கு இருக்கும், உங்களிடம் இருக்கும் இடமோ அதில் பாதி.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது தரகரை. தோட்டத்துக்கும் பட்டறைக்கும் நடுவில் நிற்பவர் வரைபடத்தைக் காட்டாமல் "ஒன்றரை அங்குலம், 38.1, வழக்கமான சைஸ்தான்" என்று துண்டுக் கடதாசியில் எழுதித் தருவார். 38.1 இந்தச் சாஃப்ட்டின் எல்லைக்குள்ளேயே இல்லை! அவர் சொன்னபடி கடைந்து கொடுத்து, பின்னால் சாஃப்ட் புஷ்ஷில் பிடித்துக்கொண்டால், பணத்தை எண்ணிப் போனவர் வரமாட்டார், உங்கள் பெயர்தான் கெடும். இன்னும் சிலர் 38 மில்லிமீற்றர் ஆயத்தச் சாஃப்ட்டைக் கொண்டுவந்து "கிட்டத்தட்டச் சரி" என்பார்கள். அது கீழ் எல்லைக்கும் 0.06 குறைவு, புஷ்ஷுக்குள் ஆடும். தோட்ட அலுவலகங்களின் கொள்முதல் படிவமும் இதற்குத் துணை போகிறது: விட்டத்துக்கு ஒரே ஒரு கட்டம், இரண்டு எல்லை எழுத இடமே இல்லை. அந்தக் கட்டத்தை நம்பி லேத்தை ஓட்டாதீர்கள். வரைபடத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வேலைச் சீட்டில் அங்குல எல்லை இரண்டையும், பக்கத்திலேயே நீங்கள் தட்டிய 38.07, 38.08 இரண்டையும் எழுதி, கடையத் தொடங்கும் முன்பே தொழிற்சாலை ஆளிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.