சிரிப்பு வரியின் கடைசியில்தான் விழ வேண்டும்

"என்னுடைய கிராமத்து நகைச்சுவைத் திரைக்கதையை வெளிநாட்டுத் திரைப்பட விழா ஒன்றுக்கு அனுப்பப் போகிறேன். ஆங்கிலத்தில் படித்தால் சப்பென்று இருக்கிறது. அர்த்தம் ஒன்றும் மாறவில்லை. என்ன செய்வது?"

அர்த்தம் சரியாக இருந்தும் சிரிப்பு வராவிட்டால், முதலில் சொல் வரிசையைப் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். 'என்று' என்பதும் சொன்னதற்குப் பிறகுதான் வரும். நம் நகைச்சுவையில் பாதி அந்தக் கடைசி நொடித் திருப்பத்தை நம்பித்தான் நிற்கிறது.

ஒரு டீக்கடைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். வட்டிக்காரர் கேட்கிறார்: "உன் கூட்டாளி காசை எப்பதான் தருவான்?" நண்பன் சொல்கிறான்: "வர்ற வெள்ளிக்கிழமை மொத்தமா வந்துடும்னு என்கிட்டயும் சொல்லியிருக்கான்ணே." 'மொத்தமா' வரை வட்டிக்காரருக்கு நம்பிக்கை. 'என்கிட்டயும்' வந்ததும்தான் இவனும் ஏமாந்தவன் என்று தெரிகிறது.

இதை அப்படியே மாற்றினால் 'ஹி டோல்ட் மீ டூ' என்று ஆரம்பிக்கும். குட்டு முதல் நாலு சொல்லிலேயே உடைந்துவிடுகிறது. அதனால் வரியை இரண்டாக வெட்டுங்கள். "ஃப்ரைடே. எவ்ரி ருப்பீ." அடுத்து ஒரு செயல் வரி: வட்டிக்காரர் முகம் மலர்கிறது. அப்புறம், "தட்ஸ் வாட் ஹி டோல்ட் மீ, டூ." தமிழில் ஒரே மூச்சில் வந்தது இங்கே இரண்டு மூச்சாகிறது, ஆனால் திருப்பம் கடைசியில் நிற்கிறது. திரைக்கதையை வாசிப்பவருக்கு நடிகரின் குரல் கிடையாது. அந்த இடைவெளியைத் தாளில் நீங்கள்தான் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த 'அண்ணே'யை என்ன செய்வது? ஆங்கில எழுத்தில் போட்டால் பெண் பெயராக வாசிப்பார்கள், 'அண்ணா'வுக்கும் அதே கதி. பெரும்பாலான இடங்களில் விட்டுவிடலாம். ஆனால் மரியாதை மாறுவதே நகைச்சுவை என்றால் விடக்கூடாது. எதிரில் 'நீங்க', ஆள் போனதும் 'அவன் கிடக்கான்' என்று இருந்தால் அதைச் செயலுக்கு மாற்றுங்கள்: வட்டிக்காரர் வந்ததும் எழுந்து, மடித்துக் கட்டிய கைலியை இறக்கி விடுகிறான், அவர் முதுகு காட்டியதும் மறுபடி மடித்துக் கட்டி, அவருடைய நாற்காலியிலேயே உட்காருகிறான். அடிக்குறிப்பு மட்டும் வேண்டாம். விளக்கத்தைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து யாரும் சிரிப்பதில்லை.

வேகத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கூரியர் 12 புள்ளி எழுத்தில், வழக்கமான ஆங்கிலத் திரைக்கதை அமைப்பில், ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இது தோராயம்தான், காட்சிக்குக் காட்சி மாறும். தமிழில் வாய்விட்டுப் படித்து ஒரு நிமிடம் ஆகும் காட்சி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் போனால், எங்கோ நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அநேகமாக அது உறவுமுறையோ ஊர்ப் பழக்கமோ ஆக இருக்கும். அதை வசனத்திலிருந்து எடுத்து, முந்தைய காட்சியில் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.

கடைசியாக, தமிழ் தெரியாத இருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கிடாதீர்கள். ஒரு வரியைத் திரும்பப் படித்துவிட்டுச் சிரித்தால், அங்கே வரிசை இன்னும் சரியாகவில்லை.